திரும்பிப் போகும்போது வண்டியை யார் ஓட்டுவார்?

கண் மருத்துவமனையில் பரிசோதனைக்கு முந்தின நாள் நோயாளிக்கு ஒரு போன் போகும். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்குங்க, வந்துடுவீங்களா? கண்ணுல மருந்து ஊத்திப் பார்ப்பாங்க, துணைக்கு ஒரு ஆள் கூட்டிட்டு வாங்க." அரை நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். கண் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் இந்தப் போனை நானே தினமும் போட்டேன். அந்தக் கடைசி வாக்கியம் போதாது என்று எனக்குப் புரிவதற்கு ஒரு அம்மா கீழே விழ வேண்டியிருந்தது.

அவருடைய கணவர்தான் நோயாளி. 54 வயது, மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். 11 வருடமாகச் சர்க்கரை நோய். எங்கே போவதானாலும் எக்ஸ்எல் வண்டிதான். போனில் சொன்னபடியே துணைக்கு ஆள் கூட்டி வந்தார்: மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. வரவேற்பில் "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டோம். "இந்தா, வீட்டுக்காரம்மா வந்திருக்கு" என்றார். தாளில் டிக் போட்டோம். மருந்து ஊற்றி விழித்திரையைப் பார்த்ததில் சர்க்கரையால் வந்த ஆரம்பநிலைப் பாதிப்பு தெரிந்தது. ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொல்லி மதியம் பன்னிரண்டரைக்கு அனுப்பி வைத்தோம். ஊருக்குத் திரும்பும் வளைவில், புளியமரத்து நிழலில், வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. அவர் தினமும் கடக்கிற வேகத்தடைதான். அன்றைக்கு அது அவர் கண்ணில் படவே இல்லை. வண்டி தூக்கிப் போட்டதில் பின்னால் இருந்த அம்மாவுக்கு முழங்கையில் எலும்பு விரிசல்.

நாங்கள் கேட்ட கேள்வி தவறு. துணைக்கு ஆள் இருந்தார், ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. 'துணை' என்றால் நம் ஊரில் கூட உட்கார்ந்து, மருந்துச் சீட்டை வாங்கி, டாக்டர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ள ஒருவர். எதற்காகத் துணை என்று நாங்கள் சொல்லாதபோது அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

அந்தச் சொட்டு மருந்து கண்ணில் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கருவிழியின் நடுவே கறுப்பாகத் தெரிகிற வட்டத்தைக் கண்பாவை என்று எழுதுகிறோம், ஆஸ்பத்திரியில் பாப்பா என்று சொல்கிறோம். அது உண்மையில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றியுள்ள பழுப்புத் திரையில் இரண்டு வகைத் தசைகள் இருக்கின்றன. ஒன்று சுருக்குப்பையின் கயிறு மாதிரி வட்டமாக ஓடி ஓட்டையைச் சுருக்கும். இன்னொன்று சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி நின்று அதை இழுத்து விரிக்கும். இங்கே பெரும்பாலும் புழங்குவது டிராபிகமைட் 0.8 சதவீதமும் ஃபினைல்எஃப்ரின் 5 சதவீதமும் கலந்த சொட்டு. டிராபிகமைட் சுருக்குகிற தசைக்கு வரும் நரம்புச் செய்தியைத் தடுத்துவிடுகிறது. ஃபினைல்எஃப்ரின் விரிக்கிற தசையைத் தூண்டுகிறது. கயிறு தளர்ந்து கம்பிகளும் இழுத்தால் பாப்பா ஏழு எட்டு மில்லிமீட்டர் வரை திறந்துகொள்ளும். அந்த அகலம் இருந்தால்தான் டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, விழித்திரையின் ஓரம் வரைக்கும் பார்க்க முடியும். சர்க்கரைக்காரர்களுக்கு வரும் ரத்தக் கசிவும், கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வரும் விழித்திரைக் கிழிசலும் ஓரத்திலும் இருக்கலாம். சின்ன பாப்பா வழியாகப் பார்ப்பது சாவித் துவாரம் வழியாக வீட்டைப் பார்ப்பது போலத்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மதிய வெயிலில் சாதாரணமாக பாப்பா இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். மருந்து ஊற்றியவருக்கு அதே வெயிலில் அது ஏழரை மில்லிமீட்டரிலேயே நிற்கிறது. விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பளவு ஒன்பது மடங்கு. அதாவது, மற்றவர் கண்ணுக்குள் போவதைப் போல ஒன்பது பங்கு வெளிச்சம் அவர் கண்ணுக்குள் போகிறது. கண் கூசுகிறது என்று அவர் சொல்வது இதைத்தான். ஆனால் கூச்சத்தோடு விஷயம் முடியவில்லை.

பாப்பா சுருங்குவது வெளிச்சத்தைக் குறைப்பதற்கு மட்டும் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதிதான் தெளிவாகக் காட்டும். ஓரம் அவ்வளவு நேர்த்தியாக ஒளியைக் குவிக்காது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலருக்கு அந்த ஓரத்தில் புரையின் ஆரம்பக் கோடுகளும் இருக்கும். சாதாரண நாளில் பழுப்புத் திரை அந்த ஓரத்தை மூடி வைத்திருப்பதால் அவருக்கு அது தெரியாது. பாப்பா விரிந்ததும் ஓரம் முழுக்கத் திறந்துவிடுகிறது. அதன் வழியாக வரும் ஒளி சிதறி, பார்க்கிற காட்சி முழுவதன் மேலும் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தின மாதிரி படிகிறது. கறுப்பு அவ்வளவு கறுப்பாக இருக்காது, சாம்பல் நிறத்துக்கும் அதை ஒட்டின சாம்பல் நிறத்துக்கும் வித்தியாசம் போய்விடும்.

ஏமாற்றுவது இந்த இடம்தான். மருந்து ஊற்றின பிறகும் அந்த ஐயா சுவரில் உள்ள எழுத்து அட்டையில் கடைசி வரிசைக்குப் பக்கம் வரை படித்திருப்பார். அட்டையில் இருப்பது வெள்ளையில் அழுத்தமான கறுப்பு. வாசலுக்கு வந்து பார்த்தால் எதிர்க்கடைப் பெயர்ப் பலகை தெரிகிறது, பஸ் நம்பர் தெரிகிறது. "எனக்கு எல்லாம் தெரியுதும்மா, மெதுவா போயிடுவேன்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் போவது தார் ரோட்டில் தார் நிறத்தில் இருக்கும் பள்ளம், நிழலில் கிடக்கிற வேகத்தடை, சாயங்காலத்தில் கருநீலச் சேலையில் ரோட்டைக் கடக்கிறவர். தெரியாத ஒன்றைத் தெரியவில்லை என்று உணர வழியில்லை. பார்வையின் கூர்மை ஒன்று, ஒட்டின சாம்பல் நிறங்களின் வித்தியாசத்தைப் பிரித்தறிகிற திறன் இன்னொன்று. முன்னது நன்றாக இருக்கும்போதே பின்னது இறங்கிவிடும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜோன் வுட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் கண்ணில் கோளாறு இல்லாத இளம் ஓட்டுநர்களுக்கு மருந்து ஊற்றி, வேறு வாகனங்கள் வராத ஒரு மூடிய சாலையில் பகல் நேரத்தில் கார் ஓட்ட வைத்தார்கள். 2003-ல் வெளிவந்த அந்த ஆய்வில், சுற்றுப்புறத்தோடு ஒட்டிப்போகிற நிறத்திலுள்ள தடைகளைக் கண்டு விலகும் திறன் குறைந்தது தெரிந்தது. இளம் கண்ணுக்கே அப்படி என்றால், புரை எட்டிப் பார்க்கிற 54 வயதுக் கண்ணை யோசித்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்தில் பள்ளத்தில் இறங்கினால் குலுங்கும். இரண்டு சக்கரத்தில் இறங்கினால் சாய்ந்துவிடும்.

சாயங்கால அப்பாயின்ட்மென்ட் என்றால் வெயில் இல்லையே, பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் இன்னும் பயம். இருட்டில் யாருக்குமே பாப்பா விரிந்துதான் இருக்கும். ஆனால் எதிரே லாரி விளக்கு அடித்ததும் நொடியில் சுருங்கிக்கொள்ளும். மருந்து ஊற்றியவருக்கு அந்தச் சுருக்கம் நடக்காது. விளக்கு கடக்கும் வரை ரோடே காணாமல் போய்விடும். கறுப்புக் கண்ணாடி பகலில் கூச்சத்துக்கு உதவும், அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போகலாம். மங்கின பள்ளத்தை அது காட்டிக்கொடுக்காது. இருட்டிய பிறகு அதைப் போட்டால் உள்ளதும் போச்சு.

இன்னொரு விஷயம் கிட்டத்துப் பார்வை. டிராபிகமைட் பாப்பாவின் தசையோடு, கிட்டத்தில் பார்க்கும்போது லென்ஸைக் குவிய வைக்கிற தசையையும் தளர்த்திவிடும். நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு போன் எழுத்தெல்லாம் கலைந்துபோகும். உள்ளே கொஞ்சம் தூரப்பார்வைக் குறை இருக்கிற இளைஞர் அதுவரை தசையைக் கொண்டு சமாளித்துவந்திருப்பார். அவருக்கு தூரமும் மங்கும். 54 வயதில் அந்தத் தசையால் பெரிய பயன் ஏற்கெனவே இல்லை, படிக்கிற கண்ணாடி போட்டால் ஓரளவு தெரியும். ஆனாலும் பாப்பா விரிந்த நிலையில் சின்ன கோடுகள் தெளிவாக நிற்காது. இன்சுலின் போடுகிறவர் மதிய ஊசியின் அளவுக் கோட்டை அன்றைக்கு மட்டும் வீட்டில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதை எந்த ஆஸ்பத்திரித் தாளிலும் நான் பார்த்ததில்லை. நானாகச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

எவ்வளவு நேரம்? டிராபிகமைட் சொட்டு இருபது முப்பது நிமிஷத்தில் வேலை செய்யும், பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கும். நம் ஊர்க் கரும்பழுப்புக் கண்களில் நிறமி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விரிவது மெதுவாக நடக்கும், இறங்குவதும் தாமதமாகலாம். பல வருடம் சர்க்கரை இருப்பவர்களுக்கு பாப்பாவின் நரம்பே பலவீனப்பட்டிருக்கும். ஒரு சொட்டில் விரியாமல், பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டிவரும். பத்து மணிக்கு வந்தவர் பார்வை, கண் அழுத்தம் எல்லாம் முடிந்து பத்தரைக்கு முதல் சொட்டு போட்டுக்கொண்டால், டாக்டர் பார்க்கும்போது பதினொன்றரை ஆகிவிடும். பன்னிரண்டரைக்குக் கிளம்புவார், மருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை கண்ணில் இருக்கும். குழந்தைகளுக்குக் கண்ணாடி பவர் பார்க்க ஊற்றுகிற சைக்ளோபென்டோலேட் ஒரு நாள் வரை நீடிக்கும், அட்ரோபின் ஒன்றிரண்டு வாரம் கூட நிற்கும். அதனால் "மருந்து இறங்க எவ்வளவு நேரம்" என்ற கேள்விக்கு, எந்த மருந்து என்று தெரியாமல் பதில் சொல்லக் கூடாது.

இவ்வளவையும் போனில் பாடமாக எடுக்க முடியாது. ஆனால் போனில் சொல்லவில்லை என்றால் சொல்லவேண்டிய நேரம் போய்விடும். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, டோக்கன் வாங்கி உட்கார்ந்தவரிடம் "வண்டியில வந்தீங்களா, அப்ப மருந்து ஊத்த முடியாது" என்றால் அவர் என்ன செய்வார்? பஸ்ஸில் வந்தேன் என்று சொல்லிவிடுவார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அப்படிச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் இருக்கும்போதே, மகனையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ கேட்க நேரம் இருக்கும்போதே, தகவல் அவருக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த விபத்துக்குப் பிறகு நாங்கள் பேச்சை மாற்றினோம். அதே ஐயாவுக்கு ஆறு மாதம் கழித்து நான் போட்ட போன் ஏறக்குறைய இப்படி இருந்தது.

"வணக்கம் ஐயா, கண் ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். நாளைக்குப் பத்து மணிக்கு உங்களுக்கு செக்கப் இருக்கு. போன தடவை மாதிரியே கண்ணுல மருந்து ஊத்திப் பார்ப்போம். வர்றதுக்கு வசதிதானே?"

"வர்றேன்ம்மா."

"எதுல வருவீங்க ஐயா?"

"வண்டியிலதான்."

"திரும்பிப் போகும்போது வண்டிய யாரு ஓட்டுவாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான்தானேம்மா ஓட்டணும்" என்றார்.

"மருந்து சாயங்காலம் வரைக்கும் கண்ணுல இருக்கும் ஐயா. பலகையெல்லாம் தெரியும், பள்ளம் தெரியாது. ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது கூட வரட்டும், இல்லேன்னா வண்டிய வீட்டுல விட்டுட்டு ரெண்டு பேரும் பஸ்ல வந்துடுங்க."

"சரிம்மா, பஸ்லயே வந்துடுறோம். மகன் வேலைக்குப் போயிடுவான்."

'துணைக்கு ஆள் உண்டா' என்ற கேள்விக்கு உண்டு, இல்லை என்று பதில் வரும். 'எதில் வருவீர்கள், திரும்பும்போது யார் ஓட்டுவார்' என்று கேட்டால், பதில் சொல்வதற்காகவே அவர் தன் மதிய நேரத்தைக் கற்பனை செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில நொடி மௌனத்துக்காகத்தான் இந்தப் போன். குறுஞ்செய்தி அனுப்பலாம், அனுப்பவும் செய்கிறோம். ஆனால் அது கேள்வி கேட்காது, மௌனத்தையும் கேட்காது.

அதே போனில் இன்னும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வேன். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருக்கிறதா? இருந்தால் ஃபினைல்எஃப்ரின் இல்லாத சொட்டு வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்ய, மாத்திரைச் சீட்டோடு வர வேண்டும். அப்புறம், சாப்பிட்டுவிட்டு வருகிறாரா? கண்ணில் மருந்து ஊற்றுவதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிற்றில் வருகிறவர்கள் நிறைய. சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்து, மூன்று மணி நேரம் கண்ணை மூடி பெஞ்சில் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

இத்தனைக்குப் பிறகும் தனியாக வண்டியில் வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் "ஒரு கண்ணுக்கு மட்டும் ஊத்துங்க, இன்னொரு கண்ணால ஓட்டிடுறேன்" என்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒரு கண்ணுக்குள் ஒன்பது பங்கு, மற்றதற்கு ஒரு பங்கு என்று வெளிச்சம் போனால், இரண்டு கண்ணிலிருந்தும் செய்தி மூளைக்குச் சேரும் வேகம் மாறிவிடும். குறுக்கே போகிற வண்டி இருக்கிற தூரத்தைவிட வேறு தூரத்தில் இருப்பதாகத் தோன்றலாம். அதனால் மறுத்துவிடுவோம். வண்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போய், மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வோம். வண்டிக்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் சம்மதித்துவிடுகிறார்கள். அவர்களுடைய பயம் வண்டியைப் பற்றித்தான். அவசரம் இல்லாத பரிசோதனை என்றால் வேறு நாள் கொடுத்துவிடலாம். கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுகிறது, கறுப்புப் புள்ளிகள் கொட்டுகின்றன என்று வந்தவருக்கு மட்டும் தள்ளிப்போடக் கூடாது. விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றைக்கே ஊற்றிப் பார்த்தாக வேண்டும், போக வழியை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வீட்டுக்குப் போனபின் எப்போது மறுபடி வண்டியைத் தொடலாம்? பேப்பர் படிக்க முடிகிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கிட்டத்தைப் பார்க்கும் தசை முதலில் தேறும், பாப்பா அதற்குப் பிறகும் விரிந்தே நிற்கும். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வாசல் வெளிச்சத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் இரண்டு கண்ணுக்கும் நிழல் கொடுத்து, சட்டென்று கையை எடுக்க வேண்டும். பாப்பா பழையபடி நன்றாகச் சுருங்குவது தெரிந்தால் மருந்து இறங்கிவிட்டது. நம் கரிய கண்களில் பாப்பாவைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதால் வீட்டில் இளவயதுக்காரர் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருடைய கண்ணின் முன்னறை, அதாவது பழுப்புத் திரைக்கு முன்னால் நீர் நிற்கிற இடம், இயல்பிலேயே ஆழம் குறைந்திருக்கும். பாப்பா விரிந்து சுருங்கும் வழியில் பழுப்புத் திரை மடங்கி, கண்ணுக்குள் ஊறும் அந்த நீர் வெளியேறும் வழியை அடைத்துவிடலாம், கண் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். அதனால்தான் மருந்துக்கு முன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, மூக்குப் பக்கம் நிழல் விழுகிறதா என்று பார்க்கிறோம். அப்படியும் மிக அரிதாக ஒருவர் எங்கள் கண்ணில் படாமல் போய்விடலாம். பெரும்பாலும் இது வீட்டுக்குப் போன பிறகு, மருந்து இறங்குகிற நேரத்தில் வரும். கண்ணில் கடும் வலி, சிவப்பு, அதே பக்கம் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துப் படுத்துவிடக் கூடாது. அன்றைக்கு இரவே திரும்பி வர வேண்டும். எங்கள் சீட்டில் ஆஸ்பத்திரி நம்பரை எழுதும்போது பெரிய எழுத்தில் எழுதுகிறோம், வாங்குகிறவருக்கு அன்று சின்ன எழுத்து தெரியாது என்பதால்.

அந்த ஐயாவும் அம்மாவும் அன்று பஸ்ஸில்தான் வந்தார்கள். விழித்திரை போன தடவை இருந்தபடியே இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு நான் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தார். "கண்ணாடிய வச்சுப் பாத்தோம்த்தா, இன்னும் பெருசாத்தான் இருக்கு. வண்டிச் சாவி எங்கிட்ட இருக்கு" என்றார்.